பட்டாளத்துக் கிடங்கிலிருந்து ஒரகடம் கிடங்குக்கு: ஒரு விண்ணப்பக் கடிதத்தின் கதை

"நான் இந்திய ராணுவத்தில் 24 ஆண்டுகள் அப்பழுக்கின்றிப் பணியாற்றி ஹவில்தார் பதவியில் ஓய்வு பெற்றவன். ஒழுக்கமும் நேரந்தவறாமையும் என் ரத்தத்தில் ஊறியவை. தங்கள் நிறுவனத்தில் எனக்கு ஏற்ற வேலை எதுவாயினும் கொடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஓய்வுபெற்ற படைவீரர்கள் தனியார் நிறுவனங்களுக்கு எழுதும் வேலைக் கடிதங்கள் பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியங்களைச் சுற்றியே அமைகின்றன. கீழே படைப்பிரிவின் பெயர், பணி எண், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல்.

இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மைதான். ஆனாலும் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு கிடங்கின் மேலாளர் இதை வாசித்தால், எழுதியவர் அந்த 24 ஆண்டுகளில் என்ன வேலை செய்தார் என்று அவருக்குத் தெரியாது. சமையற்கூடத்தில் இருந்தாரா, சிக்னல் பிரிவில் ரேடியோ பார்த்தாரா, டேங்க் ஓட்டினாரா, லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டாரா? அது தெரியாதவரை கடிதம் "செக்யூரிட்டி" என்று எழுதிய அட்டைக்குள் போய்விடும். சூப்பர்வைசராக வந்திருக்க வேண்டியவர் வாயிற்காவலராக அழைக்கப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

முப்படைகளிலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். அதிகாரி அல்லாத வீரருக்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் சிப்பாயாகவோ நாயக்காகவோ ஹவில்தாராகவோ வெளியே வரும்போது நாற்பதை ஒட்டிய வயதில் இருப்பார். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்கடன் பாதியில் நிற்கும். ஓய்வூதியம் அரிசி பருப்புக்குக் கைகொடுக்கும், கல்லூரிக் கட்டணத்துக்கு எட்டாது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர்களில் இந்தக் கணக்கைப் போடாத குடும்பம் இருக்காது.

மத்திய அரசின் மறுகுடியமர்வு இயக்குநரகமும், மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இவர்களுக்குப் பயிற்சியும் வேலைப் பரிந்துரையும் தருகின்றன. இருந்தும் தனியார் வேலைக்குக் கடைசியில் ஒரு கடிதமும் ஒரு நேர்காணலும் தேவைப்படுகின்றன. ராணுவத்தில் பதவி உயர்வுக்கோ இடமாற்றத்துக்கோ தன்னைப் பற்றித் தானே எழுதும் வழக்கம் கிடையாது. மேலதிகாரி எழுதுவார், ஆவணம் பேசும். நாற்பது வயதில் முதன்முறையாகத் தன் வேலையைத் தானே விவரிக்க உட்காரும் மனிதருக்குக் கை வராததில் வியப்பில்லை.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஆள் அல்லர், பல கடிதங்களின் சாயலைச் சேர்த்து வரைந்த உருவம். ராணுவத்தின் சப்ளைப் பிரிவான ஏ.எஸ்.சி.யில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்து ஹவில்தாரானவர். கடைசி ஆறு ஆண்டுகள் உணவுப்பொருள் கிடங்கு ஒன்றின் பொறுப்பில் இருந்தவர். அந்தப் பணியில் ஒரு பகுதி வடக்கு மலைப்பகுதியில் கழிந்தது.

அந்த மலைப்பகுதி வேலையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பாதை, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் ஜோஜி லா கணவாயைக் கடக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடினால் லாரி போகாது. எல்லைச் சாலைகள் அமைப்பின் உழைப்பால் அண்மை ஆண்டுகளில் மூடியிருக்கும் காலம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் பனிக்கு முன்பே குளிர்காலம் முழுவதற்குமான உணவு, மண்ணெண்ணெய், உடை, மருந்து எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடும் ஏற்பாடு மாறவில்லை. இதற்குக் 'குளிர்கால முன்சேமிப்பு' என்று பெயர். கோடை தொடங்கியதும் வண்டிகள் ஓடத் தொடங்கும், கணவாய் மூடும் நாள்தான் கடைசித் தேதி. அந்தத் தேதிக்குள் வந்து சேராத பொருளை ஜனவரியில் கேட்டு வாங்க முடியாது.

இந்த வேலையில் ஒரு ஹவில்தார் என்ன செய்கிறார்? வந்த லாரியின் சரக்கைச் சீட்டோடு ஒப்பிட்டு எண்ணுகிறார், எடை பார்க்கிறார், வரவு வவுச்சர் போடுகிறார். எந்த மூட்டை எந்த அடுக்கில் என்று அட்டை எழுதி மாட்டுகிறார். டின் உணவுகளுக்கெல்லாம் சேமிப்பு ஆயுள் உண்டு. பட்டாளத்தில் அதை 'இ.எஸ்.எல்.' என்பார்கள். முதலில் ஆயுள் முடியும் டின்னை முதலில் வெளியே அனுப்பவேண்டும். லெட்ஜரில் உள்ள இருப்பும் தரையில் உள்ள இருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எழுத்தில் தெரிவிக்கவேண்டும், விசாரணை வரும், கவனக்குறைவு தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஒரகடம் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், பெயர்கள்தாம் வேறு. வரவு வவுச்சர் அங்கே ஜி.ஆர்.என். ஆகிறது. ஆயுள் முடிவதை வைத்து வெளியே அனுப்புவதை 'ஃபெஃபோ' என்கிறார்கள். தரையில் உள்ள இருப்பைச் சரிபார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் செய்தால் 'சைக்கிள் கவுன்ட்'. கணவாய் மூடும் தேதிக்குப் பதிலாகத் தீபாவளி. கடிதம் இந்த ஒப்புமையை வாசிப்பவர் கண்முன் வைக்கவேண்டும். 'ஒழுக்கம் ரத்தத்தில் ஊறியது' என்ற வாக்கியத்தால் அது முடியாது.

அதே ஹவில்தாரின் கடிதம் இப்படியிருந்தால் என்ன ஆகும்?

"ஒரகடம் கிடங்கின் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ராணுவ சப்ளைப் பிரிவில் இருந்தவன். கடைசி ஆறு ஆண்டுகள் ஓர் உணவுப்பொருள் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. எனக்குக் கீழே 14 பேர். சுமார் 120 வகைப் பொருள்களின் வரவும் இருப்பும் வழங்கலும் என் கையெழுத்தில் நடந்தன. சீசனில் ஒரே பகலில் 25 லாரி வரை இறக்கியிருக்கிறோம். ஆறு முறை ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. ஐந்து முறை வித்தியாசம் இல்லை. ஒருமுறை மாவு மூட்டைகள் நனைந்திருந்ததைக் கண்டு அன்றே எழுத்தில் தெரிவித்தேன். கூரைக் கசிவே காரணம் என்று விசாரணையில் பதிவானது. எக்செல்லில் கணக்கு வைப்பேன். கிடங்கு மென்பொருளில் வேலை செய்ததில்லை. இ-வே பில் நடைமுறையைப் படித்துவருகிறேன். இந்தி நன்றாகப் பேசுவேன். இரவு ஷிப்டுக்கும் வருவேன்."

இந்தக் கடிதத்தில் தேசபக்தி பற்றி ஒரு சொல் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் மேலாளர் கேட்க விரும்பும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. எத்தனை பேர், எத்தனை வகை, எத்தனை லாரி, கணக்கு ஒத்துப்போனதா? நனைந்த மாவு மூட்டையை மறைக்காமல் எழுதியதுதான் இதில் கனமான வரி. ஆறு ஆண்டும் எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்பவரைக் கிடங்கு நடத்துகிறவர் நம்பமாட்டார். சேதம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நடந்த அன்றே சொல்கிற ஆளைத்தான் அவர் தேடுகிறார்.

இந்தி பற்றிய வரியும் சாதாரணமானதல்ல. சென்னையைச் சுற்றியுள்ள கிடங்குகளில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களோடு பேச முடியாமல் திணறும் சூப்பர்வைசர்கள் உண்டு. பட்டாளத்தில் இருபது ஆண்டு இந்தியில் வேலை வாங்கியவருக்கு இது இயல்பாக வரும். ஆனாலும் பெரும்பாலானவர்கள் இதை ஒரு தகுதியாக நினைப்பதே இல்லை, கடிதத்தில் எழுதுவதும் இல்லை.

எண்கள் எழுதும்போது ஓர் எல்லை இருக்கிறது. வேலை கொடுப்பவருக்கு எண் பிடிக்கும். ஆனால் 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் வீரரை விட்டுப் போவதில்லை. உணவுக் கிடங்கில் என்ன ரகசியம் என்று தோன்றலாம். ஒரு வீரருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிராம் என்ற அளவு தெரிந்தவர், ஒரு முகாமுக்குப் போன மாவின் மொத்த டன்னை வைத்து அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடுவார். ஆகவே ஊர், படைப்பிரிவு, முகாம், மொத்த டன் ஆகியவற்றைச் சேர்த்து எழுதக் கூடாது. "வடக்கு மலைப்பகுதியில்" என்ற அளவில் நிறுத்திவிட்டு, தன் பொறுப்பின் அளவை மட்டும் சொன்னால் போதும். எத்தனை பேர் தனக்குக் கீழே இருந்தார்கள், எத்தனை வகைப் பொருள் என்பவை இடம் குறிப்பிடாதபோது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. நேர்காணலில் யாராவது அதற்கு மேல் துருவினால், சொல்ல முடியாது என்று மறுப்பது அவருடைய நம்பகத்தைக் கூட்டவே செய்யும்.

"இ-வே பில் நடைமுறையைப் படித்துவருகிறேன்" என்ற வரியை நிறையப் பேர் எழுதத் தயங்குவார்கள், தெரியாததைக் காட்டிக்கொள்வதாக எண்ணி. எழுதுவதே நல்லது, சொன்னபடி படிக்கவும் வேண்டும். ராணுவ லாரி நாட்டின் எந்தச் சோதனைச் சாவடியிலும் சரக்கு வரிக்காக நிற்பதில்லை. அதனால் பட்டாளத்திலிருந்து வருபவருக்கு முற்றிலும் புதிதாக இருக்கும் பகுதி இதுதான்.

ஒரகடத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு லாரி கிளம்புகிறது என்று வைப்போம். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கின் மதிப்பு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். வெளிமாநிலத்துக்கு என்றால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். பில்லின் முதல் பகுதியில் சரக்கு, விலைப்பட்டியல், அனுப்புபவர், பெறுபவர் விவரம். இரண்டாம் பகுதியில் வண்டி எண். தூரத்தில் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் செல்லுபடி, மிச்சத் தூரத்துக்கும் ஒரு நாள். ஏறத்தாழ 480 கிலோமீட்டர் என்றால் மூன்று நாள். சேலத்துக்கு அருகே வண்டி பழுதாகி, சரக்கை வேறு லாரிக்கு மாற்றுகிறார்கள். புதிய வண்டி எண்ணை இரண்டாம் பகுதியில் ஏற்றாமல் வண்டியைக் கிளப்பினால், வழியில் மடக்கும் அதிகாரிக்கு அது தவறான ஆவணத்தோடு போகும் சரக்கு. வண்டியைப் பிடித்துவைத்து அபராதம் விதிக்கலாம். பழுது பார்க்க நாள் கடந்துவிட்டால் பில்லின் காலத்தை நீட்டவேண்டும். காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரம்தான் அதற்கு வழி திறந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநர் அழைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்தான் ஷிப்ட் சூப்பர்வைசர். இதை ஒருவர் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். வருவதையும் போவதையும் எண்ணிக் கையெழுத்திடும் பழக்கத்தைச் சில வாரங்களில் கற்க முடியாது. ஹவில்தார் கொண்டுவருவது இரண்டாவதை.

பாதுகாப்புச் சூப்பர்வைசர் வேலைக்கு எழுதும் கடிதம் வேறுவிதமாக அமையவேண்டும். அங்கே சட்டமே முன்னாள் படைவீரர் பக்கம் நிற்கிறது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், சூப்பர்வைசரை நியமிக்கும்போது படைகளிலோ காவல்துறையிலோ குறைந்தது மூன்றாண்டு பணியாற்றியவருக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி 15 காவலர்களுக்கு மேல் போகாமல் ஒரு சூப்பர்வைசர் இருக்கவேண்டும். புதிதாகச் சேரும் காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி. முன்னாள் படைவீரருக்கு அது 40 மணி நேரமாகவும் 16 மணி நேரமாகவும் சுருங்குகிறது. இந்தச் சுருக்கப் பயிற்சியை முடித்துச் சான்றிதழை இணைத்து அனுப்பும் கடிதம், 'பயிற்சி எடுக்கத் தயார்' என்று சொல்லும் கடிதத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கும்.

ஆனால் இந்த வேலைக்கான கடிதங்களில்தான் துப்பாக்கி அதிகம் பேசுகிறது. எந்தெந்த ஆயுதம் இயக்கத் தெரியும், எந்த எல்லையில் நின்றேன், எந்த நடவடிக்கையில் பங்கேற்றேன் என்று. தொழிற்சாலை வாயிலில் தேவைப்படுவது வேறு. வந்த கன்டெய்னரின் சீல் எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா? பழுது பார்க்க வெளியே போன மோட்டார் திரும்பி வந்ததா, அல்லது திரும்பவேண்டிய பொருளுக்கான கேட்பாஸ் மூன்று மாதமாக முடிக்கப்படாமல் கிடக்கிறதா? சாவிப் பதிவேட்டில் இரவு பத்து மணிக்கு வாங்கிய கையெழுத்து இருக்கிறதா? தொழிற்சாலைத் திருட்டில் பெரும்பகுதி மதிலேறி நடப்பதில்லை. சரியான சீட்டோடு, தவறான எண்ணிக்கையில், முன்வாசல் வழியாகவே போகிறது. வாயிற்பதிவேட்டை நடத்திய அனுபவமும், காவல் மாற்றும்போது பொறுப்பை எழுத்தில் ஒப்படைத்த பழக்கமும் கடிதத்தின் முதல் பத்தியில் வந்தால் பாதுகாப்பு மேலாளர் நிமிர்ந்து உட்கார்வார்.

அதிகாரத்தின் அளவும் மாறிவிடுகிறது. இதை அறியாமல் வேலைக்கு வந்து சிக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தனியார் பாதுகாப்பு ஊழியருக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள கைது அதிகாரம் மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, தன் கண்முன் பிணையில் விடமுடியாத, பிடிக்கத்தக்க குற்றம் செய்பவரையோ, தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரையோ பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சந்தேகத்தின்பேரில் ஒரு தொழிலாளியை அறையில் உட்காரவைத்து விசாரிப்பது சூப்பர்வைசரையே வழக்கில் மாட்டிவிடும். உடையிலும் எச்சரிக்கை வேண்டும். ராணுவச் சீருடையையோ அதைப்போல் தோன்றும் உடையையோ தனியார் காவலர் அணிந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அதே 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அணிந்தவரோடு முகமையின் உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. பழைய சீருடை போட்ட படத்தை விண்ணப்பத்தில் ஒட்டுவது குற்றமில்லை. ஆனால் சட்டம் தெரிந்த மேலாளர் அதைப் பார்த்து, இவருக்கு இந்த வேறுபாடு தெரியுமா என்று யோசிப்பார். சாதாரண உடையில் எடுத்த படமே போதும்.

வேலை கொடுப்பவர்களின் மனத்திலும் ஒரு தயக்கம் உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. பட்டாளத்துக்காரர் ஆட்களை அதட்டுவார், ஒப்பந்தத் தொழிலாளர்கள் மறுநாள் வரமாட்டார்கள் என்ற பயம் அது. கிடங்கில் சுமை தூக்குபவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட சிப்பாய் அல்லர். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, விடுப்புக்கு உரிமை இருக்கிறது, ஒப்பந்ததாரர் வேறு ஒருவர். சூப்பர்வைசர் அவருக்குத் தண்டனை கொடுக்க முடியாது, எழுதி மேலே அனுப்பத்தான் முடியும். இந்தப் பயத்தைக் கடிதத்தில் ஒரு வரியால் தீர்க்கலாம். மலைப்பகுதியில் ராணுவத்துக்குச் சுமை தூக்கும் போர்ட்டர்கள் உள்ளூர்க் குடிமக்கள். வாடகை லாரி ஓட்டுநர்களும் அப்படியே. அவர்களை உத்தரவால் நடத்த முடியாது. கூலியைச் சரியான நாளில் கணக்குப் பார்த்துக் கொடுத்தும், இறக்கும் வரிசையை நியாயமாக வைத்தும்தான் வேலை வாங்கியிருப்பார்கள். "வாடகை லாரி ஓட்டுநர்களையும் தினக்கூலி ஆட்களையும் வைத்து வேலை நடத்தியிருக்கிறேன்" என்ற வரி அந்த அனுபவத்தைச் சொல்லிவிடும்.

இணைப்புகளில் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கமும் தேவையில்லை. பணிக்காலம், தொழில், மருத்துவ நிலை, நடத்தை மதிப்பீடு உள்ள பக்கங்கள் போதும். கல்வித் தகுதியில்தான் குழப்பம் வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டு படைப்பணி செய்தவரை, பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி வேலைகள் சிலவற்றுக்குத் தகுதியுள்ளவராகக் கருதலாம் என்று அரசு ஆணை உண்டு. அது அரசு வேலைக்கானது, தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. 'பட்டத்துக்குச் சமம்' என்று மட்டும் எழுதிவிட்டால், பின்னர்ச் சான்றிதழ் சரிபார்ப்பில் பொய் சொன்னதாகத் தோன்றும். பத்தாம் வகுப்பு என்று எழுதி, பக்கத்தில் படைப்பணி ஆண்டுகளைக் குறிப்பது பாதுகாப்பானது.

இதுவரை சொன்னது 15 ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர்களின் கடிதத்துக்கு. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கே ஆண்டில் வெளியே வருவார்கள். நால்வரில் ஒருவர் வரை மட்டுமே படையில் தொடர்வார். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்ச ரூபாய் கிடைக்கும். இவர்கள் இருபதுகளில் இருப்பார்கள். கிடங்குப் பொறுப்பையோ 14 பேரையோ நடத்தியிருக்கமாட்டார்கள். ஹவில்தாரின் கடிதத்தை இவர்கள் நகலெடுத்தால் முதல் கேள்வியிலேயே வெளுத்துவிடும். ஆனால் பாதுகாப்புச் சூப்பர்வைசர் முன்னுரிமைக்குச் சட்டம் கேட்பது மூன்றாண்டுப் படைப்பணி மட்டுமே, நான்காண்டு முடித்த அக்னிவீரர் அந்த வரம்பைக் கடந்துவிடுகிறார். கிடங்கு வேலைக்கு என்றால் பிக்கர், ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர், பதிவு எழுத்தர் என்று கீழ்ப்படியிலிருந்து விண்ணப்பித்து, வாகன உரிமத்தையும் கணினிப் பயிற்சியையும் முதல் வரியில் வைப்பதே இவர்களுக்கு ஏற்ற வழி.